கடையில் பிறக்கும் கரு

புதிய பிராண்டு ஒன்றின் விளம்பர வேலை பெரும்பாலும் வீடியோவில்தான் தொடங்குகிறது. ஏஜென்சிக்காரர்கள் லேப்டாப்பைத் திறந்து முப்பது விநாடிப் படம் ஒன்றைக் காட்டுவார்கள். இசையும் வெளிச்சமும் சேர்ந்து அறையில் இருப்பவர்களை மயக்கிவிடும். படம் ஓகே ஆனதும் அதிலிருந்து ஒரு காட்சியை வெட்டிப் போஸ்டர் ஆக்குவார்கள். போஸ்டரைச் சுருக்கிக் கடையில் தொங்கவிடுவார்கள். ஹேஷ்டேக் என்ன என்று கடைசியில் யாராவது கேட்டால், பிராண்டு பெயருக்கு முன்னால் ஒரு # போட்டுவிட்டுக் கூட்டத்தை முடிப்பார்கள். இந்த வரிசையில் கடைக்கு வந்து சேர்வது எப்போதும் மிச்சம்தான். ஆனால் வாங்குபவர் கையில் காசோடு நிற்கும் இடம் அந்தக் கடைதான்.

இந்த அத்தியாயம் வரிசையைத் திருப்பிப் போடுகிறது. கடையில் உள்ளங்கை அகல இடத்தில், ஒலியும் அசைவும் இல்லாமல், இரண்டு விநாடிப் பார்வையில் ஒரு கரு நிற்குமானால், அது சுவரிலும் நிற்கும், திரையிலும் ஓடும். திரையில் நன்றாக ஓடிய கரு கடையில் நிற்கும் என்பதற்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு உலகம் அறிந்த சான்று, கோகோ கோலா 2011-ல் ஆஸ்திரேலியாவில் நடத்திய ‘ஷேர் எ கோக்’ இயக்கம். அந்நாட்டில் அதிகம் புழங்கும் 150 பெயர்களை எடுத்து, பாட்டிலின் ஒரு பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அச்சிட்டார்கள். அவ்வளவுதான் கரு. கடைக் குளிர்பெட்டியைத் திறந்தவர் தன் பெயரைத் தேடினார், கிடைக்காவிட்டால் நண்பரின் பெயரைத் தேடினார். பட்டியலில் இடம்பெறாத பெயர்களை அச்சிட்டுத் தர மால்களில் தனி மேடை வைத்தார்கள். சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் இருக்கும் பெரிய விளக்குப் பலகையில், மக்கள் குறுஞ்செய்தியில் அனுப்பிய பெயர்கள் ஒளிர்ந்தன. குளிர்பெட்டி, தெரு, திரை என்று இடம் மாறினாலும் நடந்தது ஒரே காரியம்: ஒருவர் இன்னொருவரின் பெயரைக் கண்டு அவருக்குக் கொடுத்தார். இயக்கத்தின் பெயரே அந்தக் காரியத்தைச் செய்யச் சொன்னது. பிறகு அது பல நாடுகளுக்குப் போனபோது ஹேஷ்டேக்காகத் தனியே எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கோகோ கோலா பழைய பிராண்டு, கையில் பணம் இருந்தது என்று சொல்லலாம். அப்படியானால் பேப்பர் போட்டைப் பார்க்கலாம். ஹெக்டர் பெவரேஜஸ் நிறுவனம் 2013-ல் ஆம் பன்னா, ஜல்ஜீரா போன்ற வீட்டுப் பானங்களைப் பையில் அடைத்து விற்கத் தொடங்கியபோது அதை யாருக்கும் தெரியாது. பெயரிலேயே மழைநீரில் விட்ட காகிதக் கப்பல் இருந்தது. #FloatABoat என்ற இயக்கத்தில் அவர்கள் கேட்டதும் அதையேதான்: ஒரு காகிதக் கப்பல் செய்யுங்கள், படமெடுத்துப் போடுங்கள், நாங்கள் குழந்தைகளின் படிப்புக்குப் பணம் தருகிறோம். தேவைப்பட்டது ஒரு தாள் மட்டுமே. செய்த பொருளே பிராண்டின் பெயர் என்பதால், படத்தில் பானம் இல்லாவிட்டாலும் விளம்பரம் நடந்தது.

இந்த இரண்டிலும் கரு என்பது ஒரு வாசகம் அன்று. வாசகம் சொல்லப்படுவது, கரு செய்யப்படுவது. ‘இயற்கையின் சுவை’ என்று எழுதி வைத்தால் வாங்குபவர் எதையும் செய்ய முடியாது, கடைக்காரரும் செய்ய முடியாது.

சுக்குமல்லிக்கு ஒரு கரு

ஒரு மாதிரியை முழுதாகச் செய்து பார்க்கலாம். மதுரையைச் சுற்றிய ஊர்களில் விற்க ஒரு சுக்குமல்லிக் காபிப் பொடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளருக்கு ஒரு சாஷே. வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் போதும். பன்னிரண்டு சாஷே சேர்ந்த சரமாகப் பெட்டிக்கடையிலும் மளிகைக் கடையிலும் தொங்கும்.

முதலில் வந்து நிற்கும் கரு ‘பாட்டி கைப்பக்குவம்’. பொடி, ஊறுகாய், எண்ணெய் என்று கடையில் பாதிச் சரக்கு ஏற்கெனவே பாட்டியின் பெயரில்தான் இருக்கிறது, ஆகவே அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். இரண்டாவதாக வருவது ‘சளி, இருமலுக்கு’. இது இன்னும் ஆபத்தானது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள், ஓர் உணவுப்பொருள் நோயைத் தடுக்கும் அல்லது குணமாக்கும் என்று சொல்ல இடம் தருவதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்க, வியாபாரமும் அடிபடும். சளிக்கு என்று சொன்னால் சளி பிடித்தவர் மட்டும் வாங்குவார், அதுவும் மூன்று நாளைக்கு.

ஆகவே குழு கடையில் போய் நிற்க வேண்டும். எந்த நேரத்தில், யார், எதைக் கேட்டு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாலையில் ஒரு கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

“அண்ணாச்சி, நாலு மணி வாக்குல என்ன போகும்?”

“நாலு மணிக்குப் பாதிப் பேரு டீக்கடைக்குப் போயிருவாங்க தம்பி. காலைலேர்ந்து மூணு டீ குடிச்சாச்சு, இனிமே குடிச்சா வயிறு எரியும்னு சொல்றவுக இங்க வந்து வேற என்ன இருக்குன்னு கேப்பாங்க. நான் ஜூஸ் பாக்கெட்டைத்தான் காட்டுறேன்.”

அந்த ‘வேற என்ன இருக்கு’தான் இடம். மூன்றாவது அல்லது நான்காவது டீக்கு மாற்று, மாலை 4 மணிக்கு. இதில் நோயைப் பற்றிய பேச்சே இல்லை. நேரம் உண்டு, பழக்கம் உண்டு, தினமும் திரும்பி வருகிற தேவையும் உண்டு. இதைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாற்றினால் கரு கிடைத்துவிடும்: எவர்சில்வர் டம்ளரை நேர் மேலேயிருந்து பார்த்தால் அது ஒரு வட்டம், கடிகார முகம். அதன் மேல் ஒரு சுக்குத் துண்டைச் சிறிய முள்ளாகவும் ஒரு கரண்டியைப் பெரிய முள்ளாகவும் வைத்தால் மணி நான்கு. கருவை ஒரே வரியில் எழுதிக்கொள்ளலாம்: ‘4 மணி ஆனால் இந்த டம்ளர்.’

இது இழுபடுமா என்பதை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். சுக்கையும் கரண்டியையும் எடுத்துவிட்டு வேறு என்ன வைக்கலாம்? மெக்கானிக்குக்கு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும். டெய்லருக்கு ஊசியும் இஞ்சு டேப்பும். டீச்சருக்குச் சாக்பீஸும் பேனாவும். எல்லோருக்கும் 4 மணி உண்டு, எல்லோர் கையிலும் ஏதோ இரண்டு பொருள் உண்டு. பத்து நிமிடத்தில் பத்து வகை தோன்றினால் கரு உயிரோடு இருக்கிறது. மூன்றாவது வகைக்கே யோசிக்க வேண்டியிருந்தால், கிடைத்தது ஒரு நல்ல போஸ்டர் மட்டும்தான். அதை இயக்கமாக்க முயல்வது வீண்.

இந்தப் படத்தில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பொருளும் ஒரே நீளமாக இருந்தால், பார்ப்பவர் எது பெரிய முள் என்று அறியமாட்டார். நேராக மேலே நிற்பதைச் சிறிய முள்ளாக எடுத்துக்கொண்டால் மணி 12.20 ஆகிவிடும், கரு செத்துவிடும். மேலே நிற்பது, 4-ஐக் காட்டுவதைப்போல ஒன்றரை மடங்காவது நீளமாக இருக்க வேண்டும். சரிபார்ப்பது எளிது. படத்தை இயக்கத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஐந்தாறு பேரிடம் காட்டி ‘மணி என்ன?’ என்று மட்டும் கேட்க வேண்டும். ஒருவர் தயங்கினாலும் பொருள்களை மாற்ற வேண்டும்.

கொக்கியில் தொங்குவது

கடைக்குள் முதலில் செய்ய வேண்டியது சரத்தின் தலையட்டை. சாஷே சரத்துக்கு மேலே, கொக்கியில் மாட்டும் இடத்தில், உள்ளங்கை அகலத்தில் வட்டமான அட்டை. அதில் மேலிருந்து பார்த்த டம்ளர், 4 மணி முள்கள், கீழே விளிம்பில் பிராண்டு பெயரும் விலையும். வேறு எதுவும் தேவையில்லை. சாஷே தீர்ந்து சரம் போனாலும் அட்டை கொக்கியில் நிற்கும்படி அதற்குத் தனித் துளை வேண்டும். அடுத்த சரம் அதன் கீழேயே மாட்டப்படும். பல பிராண்டுகளின் அலங்காரம் முதல் சரத்தோடு குப்பைக்குப் போய்விடுவதற்குக் காரணம், அட்டையைச் சரத்தோடு ஒட்டிவிடுவதுதான்.

அடுத்தது மேலே தொங்கும் டாங்லர். எட்டு அங்குல வட்டம், 300 ஜி.எஸ்.எம் ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் அச்சு. ஒரு துளையில் நூல் கட்டினால் மின்விசிறிக் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும், மணி என்ன என்று படிக்க முடியாது. இரண்டு துளை போட்டு இரண்டு நூலில் கட்டினால் அடங்கி நிற்கும். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் விழுந்து படத்தின் நடுவே வெள்ளைக் கோடு போடும். அதனால் மேட் லேமினேஷன்தான் சரி. கடைக்காரர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் டாங்லர் அவருடைய சரக்கை மறைக்கக் கூடாது. மறைத்தால் சேல்ஸ்மேன் தெருமுனை திரும்புவதற்குள் அது இறங்கிவிடும், அதில் அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கே தொங்குகிறது என்பது எப்படி இருக்கிறது என்பதைவிட முக்கியம். சுக்கு என்ற பெயரைக் கேட்டதும் கடைக்காரர் அதை நாட்டு மருந்துச் சாமான் பக்கம் கொண்டுபோய்விடுவார். அங்கே அது மறுபடியும் சளி மருந்தாகிவிடும். இடம் கேட்க வேண்டியது டீத்தூள், பிஸ்கட் பக்கத்தில், அதாவது 4 மணி ஆட்கள் கை நீட்டும் இடத்தில்.

ருசி பார்க்கக் கொடுக்கும் வேலையில்தான் பெரிய தவறு நேரும். செலவைக் குறைக்கக் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுப்பார்கள். டம்ளர்தான் கரு என்று சொல்லிவிட்டுக் கப்பை நீட்டினால், வாங்குபவர் மனத்தில் பதிவது கப்தான். ஒரு கடையில் முப்பது எவர்சில்வர் டம்ளர், கழுவ ஓர் ஆள், இரண்டு வாளி தண்ணீர் வேண்டும். அது முடியாத கடையில் ருசி பார்க்கும் வேலையை வைக்காமலிருப்பதே நல்லது. நேரமும் மூன்றரையிலிருந்து நாலரை வரை மட்டும். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் அதிகம் என்று மேஜை போட்டால், கருவை நிறுவனமே நம்பவில்லை என்று அர்த்தம்.

கடையே இயக்கத்தைச் சுமக்கும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1980களில் கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்பூ, காலி சாஷேக்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதிய சாஷே ஒன்று இலவசம் என்று அறிவித்தது. முதலில் எந்த பிராண்டின் காலி உறையும் செல்லும் என்றார்கள், பிறகு சிக் உறை மட்டும் என்று மாற்றினார்கள். வாங்குபவர் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது, அந்தக் காரியம் கடைக்காரரின் கைவழியே நடந்தது. இன்று ஹேஷ்டேக் அப்படிப்பட்ட ஒரு காரியத்தின் ஊர் அறிந்த பெயராக இருக்க வேண்டும், அதற்கு மாற்றாக அல்ல.

சுவரும் திரையும்

போஸ்டர் கணக்கு தொலைவிலிருந்து தொடங்குகிறது. பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகை எழுதுவோர் நெடுங்காலமாகப் பின்பற்றும் கணக்கு. தெருவின் எதிர்ப்பக்கம், நாற்பதடி தள்ளி நிற்பவர் வசதியாகப் படிக்க நான்கு அங்குல எழுத்து வேண்டும். 20-க்கு 30 அங்குலப் போஸ்டரில் அந்த அளவில் ‘4 மணி டம்ளர்’ ஒரே வரியில் அடங்காது. ‘4 மணி’ ஒரு வரி, ‘டம்ளர்’ ஒரு வரி. இடைவெளியோடு இரண்டும் சேர்ந்து பத்து அங்குலம் எடுத்துக்கொள்ளும். மேலே டம்ளர் வட்டத்துக்குப் பதினாறு அங்குலம் போனால், மீதி நான்கு அங்குலத்தில் சாஷே படமும் பிராண்டு பெயரும். இதற்கு மேல் ஒரு வரி சேர்க்க இடமே இல்லை. சேர்க்கச் சொல்லி முதலாளி கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். ஹேஷ்டேக்குக்கும் தனி வரி வேண்டாம். ‘4’-க்கு முன்னால் # போட்டால் தலைப்பே ஹேஷ்டேக்.

பின்னணி நிறத்தை அச்சகத்தில் முடிவு செய்ய வேண்டும், திரையில் அல்ல. எவர்சில்வர் பளபளப்பு நான்கு வண்ண அச்சில் வெறும் சாம்பலாகத்தான் விழும். வெளிர்ப் பின்னணியில் டம்ளரின் விளிம்பு காணாமல் போகும். அடர் நீலம் விளிம்பைத் தூக்கிக் காட்டும், சிவப்பும் மஞ்சளும் நிறைந்த மளிகைக் கடையில் தனித்தும் தெரியும். ஆனால் நீலம் அச்சில் ஊதாவாகச் சாயும். மெஜந்தாவைச் சயானைவிட முப்பது சதவீதமாவது குறைத்து வைத்து, ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தபின் அந்த நீலத்தையே வீடியோவுக்கும் எடுத்துப்போக வேண்டும். திரையில் பிறந்த நிறம் அச்சில் மங்கும், அச்சில் பிறந்த நிறம் திரையில் கெடாது.

பொதுச் சுவரிலும் பாலத்தூணிலும் அனுமதியின்றி ஒட்டுவது, திறந்தவெளி இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி குற்றம். இந்தக் கருவுக்கு அது தேவையும் இல்லை. ஸ்பேனர் போஸ்டர் ஒர்க்ஷாப்புக்குள்ளும், ஊசிப் போஸ்டர் தையற்கூடத்துக்குள்ளும், உரிமையாளர் சம்மதத்தோடு ஒட்டப்பட்டால் போதும். 4 மணிக்கு ஆட்கள் நிமிர்ந்து பார்க்கும் சுவர் அதுதான்.

வீடியோ இப்போது எளிதாகிவிடுகிறது. இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட பிறகு, குறும்படம் என்றால் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும்தான். இரண்டுக்கும் 1080-க்கு 1920 பிக்சல் செங்குத்துச் சட்டம். ரீல்ஸ் விளம்பரங்களில் மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கங்களில் ஆறாறு சதவீதம் காலியாக விடும்படி மெட்டா சொல்கிறது, ஏனென்றால் அங்கே கணக்குப் பெயரும் பட்டன்களும் வந்து உட்காரும். மிஞ்சுவது ஏறத்தாழ 980 பிக்சல் உயரமும் 950 பிக்சல் அகலமும் உள்ள ஒரு சதுரம். வட்ட டம்ளருக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. அகலக் காட்சியாகப் பிறந்த கருக்கள் இந்தச் சதுரத்தில் திணறும்.

படம் பதினைந்து விநாடி. கேமரா மேலேயிருந்து நேராகக் கீழே பார்க்கிறது, கடைசிவரை நகர்வதில்லை. காலி டம்ளர் மேஜையில் விழும் ‘டங்’ ஓசையோடு தொடக்கம். ஓசையே இல்லாமல் பார்ப்பவருக்கும் புரிய, முதல் இரண்டு விநாடிக்குள் ஒரு கை வந்து ஸ்பேனரை மேலேயும் ஸ்க்ரூ டிரைவர் முனையை 4-லும் வைத்துவிட வேண்டும். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டுப் பொடி விழுகிறது, வெந்நீர் விழுகிறது, ஆவி எழுகிறது. முகம் கிடையாது, வசனம் கிடையாது. கிரீஸ் படிந்த விரல்களும் மஞ்சள் பூசிய விரல்களும் போதும், யார் என்று தெரிந்துவிடும். இப்படி எடுத்தால் ஒரே நாளில் ஆறு படம் எடுக்கலாம். அதைவிட முக்கியம், பார்ப்பவர் தன் போனை மேலே பிடித்து அதையே செய்யலாம். நடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முகம் காட்டக் கூச்சப்படவும் வேண்டியதில்லை.

பெயரைக் கட்டுவது

ஹேஷ்டேக் இடைவெளியை ஏற்காது, நிறுத்தற்குறியை ஏற்காது. அதனால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும்போது வேறு சொல் பிறந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். 2013 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் இறந்தபோது #nowthatchersdead என்று பரவியதைப் பலர் வேறு இடத்தில் பிரித்துப் படித்து, பாடகி ஷெர் இறந்துவிட்டார் என்று பதறினார்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் சொற்களைப் பிரித்துச் சரியாகப் படிக்கும்.

தமிழ்ப் பெயருக்கு வேறு சிக்கல்கள் உண்டு. பெரும்பாலோர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ‘நாலு’ என்பதை naalu, nalu, naallu என்று எழுதுவார்கள், சுக்கை sukku, chukku என்பார்கள். #NaaluManiSukku என்று வைத்திருந்தால் பதிவுகள் ஆறேழு ஹேஷ்டேக்குகளில் சிதறியிருக்கும். எண்ணாக 4 போட்டால் ஒரு சிதறல் அடைபடுகிறது. டம்ளர் ஆங்கிலச் சொல் என்பதால் tumbler என்ற ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆக #4ManiTumbler. தமிழ் எழுத்தில் #4மணிடம்ளர். இங்கே ‘காபி’ என்று முடித்திருந்தால் 4மணிக்காபி, 4மணிகாபி என்று ஒற்றிட்டு எழுதுவோரும் ஒற்றில்லாமல் எழுதுவோரும் இரண்டாகப் பிரிந்திருப்பார்கள். டம்ளரிலும் முழுத் தப்பிப்பு இல்லை. டம்பளர், தம்ளர் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். சாஷேயின் முன்பக்கத்தில் ஒரே வடிவத்தை அச்சிட்டுவிட்டு, மற்ற வடிவங்களையும் வாரம் ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்வதுதான் வழி.

முடிவு செய்யுமுன் எல்லாத் தளத்திலும் அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். வேறு யாராவது அதை வைத்திருக்கிறார்களா, அருவருப்பான எதற்காவது பயன்படுகிறதா, வணிகச்சின்னப் பதிவேட்டின் பொதுத் தேடலில் டீ, காபி, தின்பண்டங்களுக்கான 30-ஆம் வகுப்பில் யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்பதெல்லாம் ஒரு பிற்பகல் வேலை. எண்ணும் தமிழெழுத்தும் கலந்த வடிவம் ஒவ்வொரு தளத்திலும் முழுதாக நீலமாகி இணைப்பாகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பெயர் கேட்கும் காரியம் குறுகலாக இருக்க வேண்டும் என்பது மெக்டொனால்ட்ஸ் விலை கொடுத்து உலகுக்குக் கற்றுத்தந்தது. 2012 ஜனவரியில் அந்நிறுவனம் #McDStories என்று ட்விட்டரில் பணம் கட்டிப் பரப்பியது. கதை என்று கேட்டதால் மக்கள் கதை சொன்னார்கள், பெரும்பாலும் கசப்பான கதைகளை. இரண்டு மணி நேரத்துக்குள் பரப்புவதை நிறுத்த வேண்டி வந்தது. ‘உங்கள் அனுபவம்’, ‘உங்கள் கதை’ என்று கேட்கும் ஹேஷ்டேக் யாருக்கும் திறந்த மேடை. ‘டம்ளர் மேல் 4 மணி வையுங்கள்’ என்று கேட்பதில் திட்டுவதற்கு அவ்வளவு இடமில்லை. கோபக்காரர் வந்தால் 4.05 காட்டிக் கிண்டல் செய்யலாம், அதைப் புதிய பிராண்டு தாராளமாகத் தாங்கும்.

இன்னொன்றையும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஹேஷ்டேக் புதிய ஆட்களைக் கூட்டிவரும் என்ற எண்ணம் பழையது. இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியையே எடுத்துவிட்டது. அதன் வேலை இன்று வேறு: சுவரில் பார்த்ததும் திரையில் பார்த்ததும் கொக்கியில் தொங்குவதும் ஒன்றுதான் என்று அடையாளம் காட்டுவது, மக்கள் போடும் படங்களை ஒரே இடத்தில் சேர்ப்பது. காசு கொடுத்துப் போடச் சொன்ன பதிவுகள் அந்தக் குவியலில் கலக்கும்போது, அவை விளம்பரம் என்று பதிவின் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-ல் வகுத்த நெறிமுறை அது.

ஆறு வாரம் கழித்து

இயக்கம் ஓடுகிறதா என்று பார்க்க மூன்று எண்ணிக்கை போதும், மூன்றையும் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். காசு வாங்காமல் வந்த டம்ளர் படங்கள் எத்தனை. முதல் வாரம் மாட்டிய தலையட்டை இன்னும் தொங்கும் கடைகள் எத்தனை. இரண்டாவது சரம் கேட்ட கடைகள் எத்தனை. சேல்ஸ்மேன் தன் லைனில் போகும்போதே பின்னிரண்டையும் குறித்துக்கொண்டு வந்துவிடுவார், செல்போனில் கொக்கியை ஒரு படம் எடுத்தால் போதும்.

படங்கள் குவிந்து இரண்டாவது சரம் கேட்கப்படாவிட்டால், மக்களுக்கு விளையாட்டுப் பிடித்திருக்கிறது, பானம் பிடிக்கவில்லை. அல்லது சரக்கு கடைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் இன்னொரு வீடியோ மருந்தல்ல. அட்டை இறங்கிய கடைகள் அதிகமானால், அட்டை எதையோ மறைக்கிறது. கடைக்காரரிடமே கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். சரம் நன்றாகப் போகிறது, படங்கள்தான் வரவில்லை என்றால் கவலைப்படத் தேவையே இல்லை. மதுரைப் பெட்டிக்கடையில் சாஷே வாங்குபவர்களில் பலர் எதையும் எங்கும் பதிவு போடாதவர்கள். அந்த நிலையில் பரிசுப்போட்டி வைத்துப் படங்களை வலிந்து வரவழைப்பதைவிட, அந்தப் பணத்தில் இன்னும் ஐம்பது கடைக்கு டாங்லர் அடிக்கலாம்.

எண்ணிக்கைக்கு வெளியே ஒன்றையும் கவனிக்க வேண்டும். வாங்குபவர் கடையில் எப்படிக் கேட்கிறார்? பிராண்டு பெயரைச் சொல்கிறாரா, ‘சுக்குக் காபி’ என்கிறாரா, ‘அந்த 4 மணி’ என்கிறாரா? ‘சுக்குக் காபி’ என்றால் அண்ணாச்சி எந்த நிறுவனத்தின் பொட்டலத்தையும் எடுத்துக் கொடுப்பார். ‘4 மணி’ என்று கேட்கத் தொடங்கிய கடைகளில் கரு பிடித்துவிட்டது, அந்தத் தெருக்களில் போஸ்டரைப் புதுப்பிக்காமல் விடலாம். பிராண்டு பெயர் மட்டும் யார் வாயிலும் வரவில்லை என்றால், தலையட்டையில் அதன் எழுத்தைப் பெரிதாக்கி, டம்ளர் வட்டத்தை அரை அங்குலம் சுருக்கி, அடுத்த அச்சுக்கு அனுப்ப வேண்டும்.